விசாவுக்கு உதவும் அழைப்புக் கடிதம்

ஜெர்மனி மாநாட்டுக்குப் போகிறவர் அமைப்பாளருக்கு "அழைப்புக் கடிதம் அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதினால், யாருக்கும் பொருந்தும் பொதுக் கடிதம்தான் வரும்.

பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், கட்டுரைத் தலைப்பு, செலவை யார் ஏற்கிறார்கள் என்பதை மின்னஞ்சலிலேயே தந்துவிட வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்குப் பெயரில்தான் சிக்கல்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், மாநாட்டுப் பதிவில் இனிஷியல் மட்டும்.

நிகழ்ச்சி நிரலையும் நாள்வாரியாகக் கேட்க வேண்டும். மாநாடு செப்டம்பர் 10 முதல் 12 வரை, பயிலரங்கு 9ஆம் தேதி என்றால், நான்கு நாளும் கடிதத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் 9ஆம் தேதி அங்கே இருப்பதற்கு ஆவணம் இராது.

ஷெங்கன் விசா முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள்கூட ஆகும். விசா மையத்துக்குப் போகும் தேதியைச் சொல்லி, அதற்கு முன்பே கடிதத்தைக் கேளுங்கள்.