நூற்றாண்டு மலரின் முன்னுரையும் வெறுமையான பக்கங்களும்

உடப்புசல்லாவையில் எங்கள் பள்ளிவாசலின் நூற்றாண்டு மலருக்கு முன்னுரை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. பழைய கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் 1974ஆம் ஆண்டுப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அதை எழுதப்போகிறேன் என்றதும் மூத்த ஹாஜியார் ஒருவர், “நல்ல நாள்ல இதெல்லாம் எதுக்கு மாஸ்டர்? பெரியாக்களுக்குக் கொறச்சல் இல்லையா?” என்றார். கொழும்பு ஸாஹிராவின் கதையைச் சொன்னேன்.

ஸாஹிராவின் வரலாற்றை 1892இல் தொடங்குவதே வழக்கம். அறிஞர் சித்திலெப்பை, எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷா, கொடையாளர் வாப்பிச்சி மரைக்கார் என மூவரையும் நன்றியுடன் குறிப்பிடுவோம். ஆனால் சித்திலெப்பை 1884இலேயே கொழும்பில் ஒரு பாடசாலை தொடங்கினார். போதிய ஆதரவின்றி அது நிலைக்கவில்லை. மருதானையில் எழுந்த ஸாஹிராவும் உடனே தழைத்துவிடவில்லை. 1921இல் ரீ.பி. ஜாயா அதிபராக வந்தபோது அங்கிருந்த மாணவர் அறுபது பேரளவே. இவற்றை மறைத்தால், தோற்ற பின்னும் மீண்டும் தொடங்கிய சித்திலெப்பையின் மனவுறுதியும் ஜாயாவின் உழைப்பும் சேர்ந்தே மறைந்துவிடும்.

எங்கள் புத்தகத்துக்கு வருகிறேன். குறிப்பு இல்லை என்பதால் பள்ளி பூட்டியிருந்தது என்று எழுதிவிட முடியாது. பக்கத்தில் வரவு செலவுப் புத்தகத்தை வைத்துப் பார்த்தேன். அவ்வாண்டு சந்தா மிகக் குறைவு; ஆனால் மண்ணெண்ணெய் வாங்கிய செலவு மாதந்தோறும் இருக்கிறது. மோதினாரின் சம்பளம் சில மாதம் பாதியாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆகக் கூட்டம்தான் நின்றது, விளக்கு அணையவில்லை.

காரணமும் சொல்ல வேண்டும். எங்கள் கடைத்தெரு தோட்ட மக்களை நம்பியது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. கடைக்காரர் கொடுத்த கடன் திரும்பவில்லை. அவர்களிடமிருந்து பள்ளிக்கு வரவேண்டிய சந்தாவும் வரவில்லை. கடன்பட்டவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. பசித்தவர்கள் அவர்கள்தான்.

சந்தா கொடுக்காதவர்களின் பெயர்களும் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றை நான் எடுத்தெழுதவில்லை. பேரப்பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள். தொகை, ஆண்டு, காரணம் ஆகிய மூன்றும் போதும். பாதிச் சம்பளத்தில் பாங்கு சொன்ன மோதினாரைப் பற்றி மட்டும், நிறுவனர்களைப் பற்றிய பத்தியை அடுத்து ஒரு முழுப் பத்தி எழுதினேன்.

வாசித்துக் காட்டியபோது ஹாஜியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த வருஷம் எங்கட வாப்பாவும் சந்தா கட்டல்ல மாஸ்டர். கடையில சாமான் இருக்கல்ல. அதையும் போடுங்க” என்றார்.