முதிய பெண்களில் சிறுநீர்க் கசிவு

சிறுநீர்க் கசிவு என்பது தன் கட்டுப்பாட்டை மீறிச் சிறுநீர் வெளியேறும் நிலையைக் குறிக்கும். முதிய பெண்களிடம் இது பரவலாகக் காணப்படுகிறது. "வயதானால் அப்படித்தான்" என்று பலர் வெளியே சொல்லாமல் இருந்துவிடுகின்றனர். ஆனால் இதற்குச் சிகிச்சை உண்டு. கசிவு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறுபடும்.

இரு வகைகள்

சிறுநீர்ப்பை நிறையும்போது அதன் சுவரிலுள்ள தசை தளர்ந்திருக்கும்; சிறுநீர் வெளியேறும் குழாய் இறுக மூடியிருக்கும். இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் தொட்டில்போல் விரிந்துள்ள இடுப்புத்தளத் தசைகள் இக்குழாயைக் கீழிருந்து தாங்குகின்றன.

அழுத்தக் கசிவில் பழுது இந்தத் தாங்கலில் உள்ளது. மகப்பேறு, உடற்பருமன், நாட்பட்ட இருமல் முதலியவற்றால் இடுப்புத்தளம் தளர்கிறது. இருமும்போதும், தும்மும்போதும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் வயிற்றினுள் அழுத்தம் கூடுகிறது. அதைக் குழாயால் தாங்க முடியாமல் சிறிதளவு சிறுநீர் வெளியேறுகிறது. முன்கூட்டி அவசர உணர்வு இராது.

அவசரக் கசிவில் பழுது சிறுநீர்ப்பையில் உள்ளது. பை நிறையும் முன்பே அதன் சுவர்த்தசை தானாகச் சுருங்குகிறது. திடீரென அடக்க முடியாத உணர்வு எழுந்து, கழிவறையை அடையும் முன்பே சிறுநீர் வெளியேறுகிறது. பகலில் அடிக்கடி போவதும், இரவில் எழுவதும் இதனுடன் சேர்ந்து வரும். இரு வகையும் ஒருவரிடமே இருந்தால் அது கலப்பு வகை எனப்படும்.

இடுப்புத்தளப் பயிற்சி

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் இப்பயிற்சியைப் பற்றி எழுதினார். இன்றும் அவர் பெயரால் இது கெகல் பயிற்சி எனப்படுகிறது.

வாயு பிரிவதை அடக்குவதுபோல் ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் உள்ளும் மேலுமாக இழுத்தால் இயங்குவதே உரிய தசை. அதை 5 நொடி இறுக்கிப் பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். பழகப்பழக 10 நொடி வரை கூட்டலாம். ஒரு தடவைக்கு 8 முறை வீதம், நாளொன்றுக்கு 3 தடவை செய்வது வழக்கம். பலனை மதிப்பிடக் குறைந்தது 3 மாதம் தேவை.

மூச்சைப் பிடிப்பதும், வயிற்றையோ தொடையையோ இறுக்குவதும் பொதுவான தவறுகள். கீழ்நோக்கி முக்கினால் இடுப்புத்தளம் மேலும் தளரும். வயிற்றில் கை வைத்துப் பார்க்கும்போது அது புடைத்தால் பயிற்சி தவறு என்று அறியலாம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்வதும் கூடாது. அது பை முழுதும் காலியாவதைக் கெடுக்கும்.

அழுத்தக் கசிவில் இப்பயிற்சி தாங்கலை வலுப்படுத்துகிறது. இருமுவதற்குச் சற்று முன்பே தசையை இறுக்கப் பழகுவதும் உதவும். அவசரக் கசிவிலும் இதற்குப் பயன் உண்டு. உணர்வு எழுந்தவுடன் ஓடாமல் நின்று, தசையைச் சில முறை விரைவாக இறுக்கினால் சிறுநீர்ப்பையின் சுருக்கம் தணியும். அதன் பின் நிதானமாக நடந்து செல்லலாம்.

மருந்துகள்

மாத்திரைகள் பெரும்பாலும் அவசரக் கசிவுக்கே உரியவை. ஆக்சிபியூட்டினின், டால்ட்டெரோடின், சோலிஃபெனசின் ஆகியவை சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்யும் நரம்புச் செய்தியைத் தடுக்கின்றன. வாய் வறட்சி, மலச்சிக்கல் ஆகியவை இவற்றின் பக்கவிளைவுகள். முதியோரிடம் நினைவுத் தடுமாற்றமும் ஏற்படலாம். குறிப்பாக ஆக்சிபியூட்டினினில் கவனம் தேவை. மிராபெக்ரான் வேறு வழியில் பையைத் தளர்த்துகிறது. அதனால் இத்தொல்லைகள் குறைவு. ஆனால் இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடும். மாதவிடாய் நின்றபின் வறண்டு மெலிந்த திசுக்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு அவசர உணர்வைக் குறைக்க உதவலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

66 வயதுப் பெண் ஒருவர் 3 நாள் குறிப்பேடு எழுதுகிறார் எனக் கொள்வோம். அவர் பகலில் 12 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 100 மில்லி லிட்டர் மட்டுமே கழிக்கிறார். இருமும்போது நாளில் ஒரு முறை கசிகிறது. கழிவறைக்குப் போகும் வழியில் 3 முறை கசிகிறது. நாளுக்கு 5 காப்பி குடிக்கிறார். இது அவசரக் கசிவு மிகுந்த கலப்பு வகை.

சிறுநீர்ச் சோதனையில் கிருமித்தொற்று இல்லை எனில், முதலில் காப்பியைக் குறைத்து, இடுப்புத்தளப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். அதனுடன் கழிக்கும் இடைவெளியை ஒரு மணி நேரத்தில் தொடங்கி, வாரந்தோறும் 15 நிமிடம் நீட்டலாம். 6 வாரத்திற்குப் பின்னும் அவசர உணர்வு குறையாவிட்டால் மருந்து சேர்க்கப்படும். அவருக்கு ஏற்கெனவே மலச்சிக்கல் இருந்து, இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் மிராபெக்ரான் பொருத்தமாகும். ஆனால் இருமும்போது வரும் கசிவை அது நிறுத்தாது. அதற்குப் பயிற்சி தொடர வேண்டும். 3 மாதப் பயிற்சிக்குப் பின்னும் அக்கசிவு நீடித்தால் அறுவைச் சிகிச்சை பற்றி ஆராயலாம்.

சிறுநீரில் இரத்தம், வலி, காய்ச்சல், முழுதும் கழிக்க முடியாமை ஆகியவை இருந்தால் பயிற்சியை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.