நாலாயிரம் ஆப்ஷன் என்ன விலை?

ஆஃபர் கடிதத்தில் ஆண்டுச் சம்பளம் 25 லட்ச ரூபாய் என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஈசாப் மதிப்பு 24 லட்ச ரூபாய் என்று இன்னொரு வரி. இரண்டையும் கூட்டி, "கிட்டத்தட்ட அரைக் கோடி, சார்" என்பார் எச்.ஆர். அதே ஆளுக்கு ஒரு பெரிய ஐ.டி. நிறுவனம் 30 லட்ச ரூபாய் ரொக்கச் சம்பளம் தரத் தயாராக இருக்கிறது. எந்த வேலையை எடுப்பது?

சென்னை, பெங்களூரு ஸ்டார்ட்அப்களில் வேலை தேடுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும் கேள்வி. கணக்கு புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். அந்த ஸ்டார்ட்அப் தருவது 4,000 ஆப்ஷன்கள். ஒவ்வொன்றின் ஸ்ட்ரைக் பிரைஸ் 100 ரூபாய். கடைசியாக முதலீட்டாளர்கள் பணம் போட்டபோது ஒரு பங்குக்குக் கொடுத்த விலை 600 ரூபாய். நாலாயிரத்தை அறுநூறால் பெருக்கித்தான் 24 லட்சம் என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பெருக்கலிலேயே பிழை இருக்கிறது. ஆப்ஷன் என்பது பங்கு அல்ல. ஒரு பங்கை இன்று நிர்ணயித்த விலைக்குப் பின்னால் வாங்கிக்கொள்ளும் உரிமை. மனைக்கு விலை பேசி அக்ரிமென்ட் போட்டுவிட்டால், பத்திரப் பதிவுக்குள் ஊரில் விலை எவ்வளவு ஏறினாலும் பேசிய விலையைத்தானே கொடுப்போம்? அந்தப் பேசிய விலைதான் ஸ்ட்ரைக் பிரைஸ். பங்கு 600 ரூபாய்க்குப் போனாலும் உங்கள் கையிலிருந்து 100 ரூபாய் போக வேண்டும். மிஞ்சுவது 500. ஆக, காகிதத்தில்கூட இதன் மதிப்பு 20 லட்சம்தான். அதுவும் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து. ஓராண்டுச் சம்பளத்தோடு அதைக் கூட்டிச் சொல்வது கணக்கே இல்லை.

நான்கு ஆண்டு ஏன்? நாலாயிரமும் முதல் நாளே உங்களுடையதாகிவிடாது. வேலை பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பேருக்கு உறுதியாகும். இதைத்தான் வெஸ்டிங் என்கிறார்கள். பரவலாக உள்ள ஏற்பாட்டில் முதல் ஓராண்டு எதுவும் கிடைக்காது. ஆண்டு முடிந்த அன்று கால் பங்கு, அதாவது 1,000 ஆப்ஷன், ஒரே மூச்சில் உறுதியாகும். பிறகு காலாண்டுக்கு 250 வீதம் நான்காம் ஆண்டு முடிவுவரை போகும். பதினோராவது மாதத்தில் வேலையை விட்டால் ஒன்றும் இல்லை. இரண்டரை ஆண்டில் விட்டால் 2,500 உங்களுடையது; மீதி 1,500 நிறுவனத்துக்கே திரும்பிவிடும்.

அந்த முதல் ஓராண்டுக் காத்திருப்பு நிறுவனம் விரும்பி வைத்தது மட்டுமல்ல. ஆப்ஷன் வழங்கிய நாளுக்கும் முதல் வெஸ்டிங்குக்கும் நடுவே குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்று இந்திய நிறுவனச் சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'வழங்கிய நாள்'. அது நீங்கள் வேலையில் சேர்ந்த நாள் அல்ல. ஆஃபர் கடிதத்தில் எண் இருக்கும். ஆனால் முறைப்படி ஆப்ஷன் வழங்கும் கிரான்ட் கடிதம் ஆறு மாதம் கழித்து வரலாம். ஓராண்டுக் கடிகாரம் அன்றைக்குத்தான் ஓட ஆரம்பிக்கும். சேர்ந்த முதல் மாதமே அந்தக் கடிதத்தைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இனி மதிப்புக்கு வருவோம். 4,000 என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. நிறுவனத்தில் மொத்தம் எத்தனை பங்குகள் என்று தெரிய வேண்டும். தரப்போகும் ஆப்ஷன்கள், முதலீட்டாளர்களின் முன்னுரிமைப் பங்குகள் எல்லாவற்றையும் சேர்த்த மொத்தம். நம் கணக்கில் அது 50 லட்சம் பங்குகள் என்று வைப்போம். அப்படியானால் உங்கள் பங்கு 0.08 சதவீதம். 600 ரூபாய் விலையில் நிறுவனத்தின் மொத்த மதிப்பு 300 கோடி.

ஆனால் அந்த 300 கோடி முதலீட்டாளர் வாங்கிய பங்கை வைத்துப் போட்ட கணக்கு. அவர் வைத்திருப்பதும் நீங்கள் வாங்கப்போவதும் ஒரே ரகமல்ல. நிறுவனத்தை விற்றால், போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலும் முதலீட்டாளருக்கு உண்டு. இல்லையென்றால் தன் பங்குகளைச் சாதாரணப் பங்காக மாற்றி, எல்லோரோடும் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். எது லாபமோ அதை எடுப்பார். நம் நிறுவனத்தில் முதலீட்டாளர்கள் மொத்தம் 90 கோடி போட்டு 40 சதவீதம் வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். மீதி 60 சதவீதம், அதாவது 30 லட்சம் பங்குகள், நிறுவனர்களுக்கும் ஊழியர்களுக்கும்.

நிறுவனம் 300 கோடிக்கு விற்றால் 40 சதவீதமே 120 கோடி. முதலீட்டாளர் எல்லோரோடும் சேர்ந்து பிரித்துக்கொள்வார்; உங்களுக்கு 20 லட்சம் கிடைக்கும். 150 கோடிக்கு விற்றால்? 40 சதவீதம் 60 கோடிதான். எனவே அவர் 90 கோடியை முதலில் எடுத்துக்கொள்வார். மீதி 60 கோடி 30 லட்சம் பங்குகளுக்குப் பிரியும். பங்குக்கு 200 ரூபாய். ஸ்ட்ரைக் பிரைஸ் 100 கழிந்தால் உங்களுக்கு மொத்தம் 4 லட்சம். நிறுவனத்தின் விலைதான் பாதியானது, உங்கள் பணமோ ஐந்தில் ஒன்றாகிவிட்டது. 100 கோடிக்கு விற்றால் 90 கோடி போக 10 கோடி மிஞ்சும். பங்குக்கு 33 ரூபாய். 33 ரூபாய்ப் பங்கை 100 கொடுத்து யார் வாங்குவார்? உங்கள் ஆப்ஷன் செல்லாக்காசு. பத்திரிகையில் 'ரூ. 100 கோடிக்கு விற்பனை' என்று தலைப்பு வரும். உங்கள் கணக்கில் ஒரு ரூபாயும் வராது.

ஸ்ட்ரைக் பிரைஸின் முக்கியத்துவம் இங்கேதான் தெரியும். அமெரிக்காவில் வரிச் சட்டத்துக்குப் பயந்து, ஆப்ஷன் தரும் நாளின் நியாய விலையையே ஸ்ட்ரைக் பிரைஸாக வைப்பார்கள். இந்தியாவில் அந்தக் கட்டாயம் இல்லை. பல ஸ்டார்ட்அப்கள் பங்கின் முகமதிப்பையே, 1 ரூபாய் அல்லது 10 ரூபாயை, ஸ்ட்ரைக் பிரைஸாக வைக்கின்றன. நம் உதாரணத்தில் அது 10 ரூபாயாக இருந்திருந்தால், அந்த 100 கோடி விற்பனையிலும் 90,000 ரூபாய்க்கு மேல் தேறியிருக்கும். எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லிப் பேரம் பேசுகிறவர்கள் ஸ்ட்ரைக் பிரைஸைப் பற்றிக் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும்.

நல்ல காலமும் வரலாம். இன்னொரு முறை முதலீடு வாங்கிப் புதுப் பங்குகள் வெளியிட்டு, மொத்தம் 62.5 லட்சம் ஆகி, பிறகு 750 கோடிக்கு விற்றால் பங்குக்கு 1,200 ரூபாய். உங்களுக்கு 44 லட்சம். சென்னையில் வளர்ந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானபோது, ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். ஈசாப் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது அந்தச் செய்திதான். அப்போது 36 டாலருக்கு வெளியிடப்பட்ட பங்கு அடுத்த ஆண்டிலேயே பாதிக்கும் கீழே இறங்கியது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட பைஜூஸ், 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. அந்த ஊழியர்களிடமும் ஆப்ஷன்கள் இருந்தன.

சரி, நம் ஆள் என்ன செய்வது? நடக்கக்கூடியவற்றுக்கு அவர் ஒரு எடை போட வேண்டும். என் கணிப்பில் பாதி வாய்ப்பு ஒன்றும் தேறாது என்பதற்கு. கால்வாசி வாய்ப்பு 4 லட்சத்துக்கு, நூற்றுக்கு 15 வாய்ப்பு 20 லட்சத்துக்கு, 10 வாய்ப்பு 44 லட்சத்துக்கு. எடைபோட்டுக் கூட்டினால் 8 லட்சத்து 40 ஆயிரம். ஆப்ஷன் ஒன்றுக்கு 210 ரூபாய். இந்த எடைகளை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். தாராளமாகப் போட்டாலும் 24 லட்சம் வருவது கடினம். மறுபக்கம், ஐ.டி. நிறுவனத்தின் சம்பளம் ஆண்டுக்கு 5 லட்சம் அதிகம். நான்கு ஆண்டில் 20 லட்சம். அதை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாக வேண்டுமென்றால் அவர் கேட்க வேண்டியது 4,000 அல்ல, சுமார் 9,500 ஆப்ஷன்கள். கிடைக்காவிட்டால், கற்றுக்கொள்ளும் ஆசைக்காக வேண்டுமானால் அந்த வேலையை எடுக்கலாம், பணத்துக்காக அல்ல.

இன்னும் ஒரு செலவு இருக்கிறது. அது தெரிய வருவது வேலையை விடும்போதுதான். இரண்டரை ஆண்டில் அவர் வெளியேறுகிறார். 2,500 ஆப்ஷன் கையில் இருக்கிறது. அவற்றைப் பங்காக மாற்றிக்கொள்ளச் சில நிறுவனங்கள் 30 நாள், சில 90 நாள் மட்டும் அவகாசம் தரும். தவறினால் எல்லாம் போச்சு. மாற்றுவதற்கு முதலில் 2.5 லட்சம் கட்ட வேண்டும். அன்றைக்கு மெர்ச்சன்ட் பேங்கர் போட்ட மதிப்பு பங்குக்கு 400 ரூபாய் என்றால், 300 ரூபாய் வித்தியாசம் சம்பளமாகவே கருதப்பட்டு வரி விதிக்கப்படும். 2,500 பங்குக்கு அது 7.5 லட்சம், 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து வரி 2.34 லட்சம். ஆக, சந்தையில் விற்க முடியாத பங்குக்காக 4.84 லட்ச ரூபாய் ரொக்கம் கட்ட வேண்டும். பின்னால் பங்கு மதிப்பிழந்தாலும் கட்டிய வரி திரும்பாது. மூலதன நஷ்டமாகக் காட்டலாம். ஆனால் அதை வேறொரு மூலதன லாபத்தில்தான் கழிக்க முடியும், சம்பளத்தில் அல்ல.

தகுதிச் சான்று பெற்ற சில ஸ்டார்ட்அப்களில் இந்த வரியைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்கும் வசதியை அரசு தந்திருக்கிறது. ஆனால் வேலையை விட்டால் அந்தச் சலுகை முடிந்துவிடும். வெளியேறும் நம் ஆளுக்கு அதனால் பயனில்லை. அவருக்கு உதவக்கூடியது ஒன்றே ஒன்று: வேலையை விட்ட பிறகும் நிறுவனம் விற்கப்படும்வரை அல்லது பல ஆண்டுகள்வரை ஆப்ஷனை வைத்துக்கொள்ள அனுமதிக்கும் திட்டம். சில நிறுவனங்களில் அது இருக்கிறது.

எனவே கையெழுத்துப் போடும் முன் எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். எல்லாம் சேர்த்து மொத்தப் பங்குகள் எத்தனை, ஸ்ட்ரைக் பிரைஸ் என்ன, முதலீட்டாளர்கள் முதலில் எடுத்துக்கொள்ளும் தொகை எவ்வளவு, வேலையை விட்டபின் எத்தனை நாள் அவகாசம் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். மொத்தப் பங்கு எண்ணிக்கையைச் சொல்ல மறுத்தால், அந்த ஈசாப் வரியை அடித்துவிட்டு, சம்பளத்தை மட்டும் வைத்து முடிவெடுங்கள்.