அட்வான்ஸ் கொடுக்கும் முன்

சென்னையில் கனமழை எச்சரிக்கை வந்த மறுநிமிடமே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்களில் கார்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். கீழே தெருவில் விட்டால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்துவிடும் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குப் பட்டுத் தெரிந்த பாடம். வேலைக்காக வெளியூரிலிருந்து வருகிறவருக்கு இது தெரியாது. அவர் வீடு பார்க்க வருவது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். தெரு காய்ந்து கிடக்கும், சுவரில் புதுப் பெயின்ட் மின்னும்.

பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை கிடைத்து மதுரையிலிருந்து வரும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். அலுவலகம் சோழிங்கநல்லூரில். கைக்கு அடங்கிய வாடகையில் வீடு தேடினால் புரோக்கர் முதலில் காட்டுவது பெரும்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கங்கள்தான். இந்த ஊர்களுக்கு நடுவே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கிறது. தென்சென்னையின் ஏரிகள் பலவும் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் இங்கேதான் வந்து சேரும். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலை அடைய வேண்டும். சதுப்புநிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களாகவும் சாலைகளாகவும் மாறிவிட்டதால், வருகிற வேகத்தில் தண்ணீர் வெளியேற வழியில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பகுதிகளில் படகு விட்டுத்தான் மக்களை மீட்டார்கள்.

அதற்காக அந்தப் பக்கமே போகக் கூடாது என்பதில்லை. ஒரே பேட்டையில் ஒரு தெரு மூழ்கும். அடுத்த தெருவில் கணுக்கால் அளவுகூட நிற்காது. பேட்டைப் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், தெருவில் இறங்கிப் பார்க்க வேண்டும். முதலில் சாலை மட்டத்தையும் வீட்டு வாசலையும் ஒப்பிட வேண்டும். பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில், பழைய வீடுகள் பல சாலைக்குக் கீழே இறங்கிக் கிடக்கின்றன. காம்பவுண்டுச் சுவரில் ஒரே உயரத்தில் ஓடும் கறைக் கோடு, கீழ்ப்பாதி மட்டும் புதிதாக அடித்த பெயின்ட், அக்கம்பக்கத்தில் தலை உயரத்துக்கு ஏற்றி மாட்டிய மின்மீட்டர் பெட்டிகள், வாசலில் இடையில் எழுப்பிய குட்டைச் சுவர் ஆகியவை முந்தைய மழை விட்டுச் சென்ற தடயங்கள்.

அடுத்து, கேட்க வேண்டிய ஆளிடம் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் “இங்கே தண்ணி நிக்கவே நிக்காது” என்றுதான் சொல்வார். தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர், மளிகைக் கடைக்காரர், எதிர் வீட்டுப் பெரியவர் ஆகியோருக்கு வாடகையில் பங்கில்லை. “அண்ணே, மிக்ஜாம் அப்போ இங்க எவ்வளவு தண்ணி வந்துச்சு? எத்தனை நாள் கரன்ட் இல்ல?” என்று தேதி குறிப்பிட்டுக் கேட்டால், பதிலும் தெளிவாக வரும். பொதுவாக “வெள்ளம் வருமா?” என்றால் எல்லோரும் பொதுவாகத்தான் சொல்வார்கள். நம் தம்பதிக்கு இரண்டு வீடுகள் பிடித்திருக்கின்றன. ஒன்று உள்தெருவில் தரைத்தளம், இன்னொன்று பிரதான சாலைக்குப் பக்கத்தில் இரண்டாம் மாடி. வாடகை வித்தியாசம் 2,000 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 24,000. ஒரே ஒரு மழையில் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் கட்டிலும் போனால் அந்த மிச்சம் போதாது. அதே தெருவுக்கு இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பதும் அவசியம். தெருவிளக்கு எரிகிறதா, பஸ் நிறுத்தத்திலிருந்து வரும் வழியில் கடைகள் திறந்திருக்கின்றனவா என்பது ஷிப்ட் முடிந்து தனியாக வருகிற பெண்ணுக்குப் பெரிய விஷயம்.

மழையில் மிதக்கும் இதே பகுதி கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும். 2019 ஜூனில் சென்னை ஏரிகள் வறண்டபோது, இந்தச் சாலையில் உள்ள சில நிறுவனங்கள் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும் நடந்தது. “போர் தண்ணி இருபத்திநாலு மணி நேரமும் வரும்” என்ற வார்த்தையைக் குளியலறையில் சோதிக்கலாம். குழாய் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் உப்புத் தண்ணீர். வாளியிலும் தரை ஓட்டிலும் செம்மஞ்சள் கறை இருந்தால் இரும்புத் தண்ணீர். சோப்பு நுரைக்கிறதா என்று அங்கேயே கை கழுவிப் பார்க்கலாம். அடுக்குமாடி என்றால் மெயின்டனன்ஸ் தொகையில் லாரித் தண்ணீர் அடக்கமா, கோடையில் தனியாகப் பங்கு பிரிப்பார்களா என்று முன்பே கேட்டுவிட வேண்டும்.

மின்சாரத்தில் ஒரே கேள்விதான், ஆனால் பணம் அதில்தான் இருக்கிறது: இந்த வீட்டுக்குத் தனி இ.பி. இணைப்பு உண்டா, அல்லது வீட்டுக்காரர் வைத்த சப் மீட்டரா? தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 400 யூனிட் செலவானால் ஏறத்தாழ 1,200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஒரே இணைப்பில் மூன்று வீடு இருந்தால் இலவச யூனிட் ஒருமுறைதான் கிடைக்கும். மொத்த யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். அதைச் சரிக்கட்ட வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால், அதே 400 யூனிட் 3,600 ரூபாய். எனவே பழைய இ.பி. பில்லைக் காட்டச் சொல்வது நல்லது. அதில் உள்ள பெயரும் சொத்துவரி ரசீதில் உள்ள பெயரும், அட்வான்ஸ் வாங்குகிறவர் பெயரும் ஒன்றுதானா என்பதும் அதே பார்வையில் தெரிந்துவிடும். வீட்டையே காட்டாமல் “வெளியூரில் இருக்கிறேன், டோக்கன் அட்வான்ஸ் போடுங்க” என்று போனில் மட்டும் பேசுகிறவருக்குப் பணம் அனுப்பவே கூடாது.

வீடு உறுதியான பிறகுதான் மூட்டை கட்ட வேண்டும். நம் தம்பதியில் ஒருவர் முதலில் வந்து இரண்டு வாரம் விடுதியில் தங்கி வீடு பார்த்தால், இந்தச் சோதனைகளுக்கெல்லாம் அவகாசம் கிடைக்கும். பாத்திரம், துணி, ஒரு கட்டில் அளவுதான் என்றால் பார்சல் சர்வீஸ் போதும். முழு வீட்டுச் சாமான் என்றால் பேக்கர்ஸ் வேண்டும். இதில் வழக்கமாக நடக்கும் ஏமாற்று, குறைந்த தொகை சொல்லி ஏற்றிக்கொண்டு, பாதி வழியில் அதிகம் கேட்டு, கொடுத்தால்தான் இறக்குவோம் என்பது. சாமான் ஒவ்வொன்றையும் எழுதிய பட்டியல், லாரி ரசீது, எழுத்தில் மொத்தத் தொகை, இறக்கி முடித்த பிறகே மீதிப் பணம் என்ற நான்கும் இல்லாமல் ஏற்றக் கூடாது. எந்த மாடி, லிப்ட் உண்டா, தெருவுக்குள் லாரி நுழையுமா என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். நுழையாவிட்டால் கடைசித் தூரத்துக்குக் குட்டி யானை பிடிக்கிற செலவு யாருடையது என்று நடுத்தெருவில் சண்டை வரும். நகை, அசல் சான்றிதழ்கள் லாரியில் ஏறவே கூடாது. பிரிட்ஜை முந்தின நாளே அணைத்து ஐஸ் உருக்கி, நிமிர்த்தியே ஏற்ற வேண்டும். இறக்கிச் சில மணி நேரம் கழித்துத்தான் ஸ்விட்ச் போட வேண்டும்.

காஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் மதுரை ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, அவர்கள் தரும் மாற்றுச் சீட்டைச் சென்னை ஏஜென்சியில் கொடுத்தால் இணைப்பு தொடரும். அதுவரை முகவரிச் சான்று இல்லாமலே, அடையாள அட்டை காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கிச் சமாளிக்கலாம்.

மிச்சம் இருப்பது ஒப்பந்தம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. சென்னையில் ஐந்து, ஆறு மாதம் கேட்பவர்கள் இன்னும் உண்டு. சட்டத்தைச் சொல்லிப் பேரம் பேசினால் குறைகிற இடங்களும் உண்டு. எதுவானாலும் தொகையை வங்கிவழி கொடுத்து, ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம். அந்தத் தொகை எவ்வளவு, ஓராண்டுக்குள் போனாலும் பிடிப்பார்களா, அட்வான்ஸ் சாவி கொடுத்த எத்தனை நாளில் திரும்பும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். குடியேறும் நாளில் சுவர், குழாய், மீட்டர் எண் ஆகியவற்றைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால், தேதியோடு கூடிய சாட்சி இரண்டு பேர் கையிலும் இருக்கும்.