எடை ஒன்றுதான், கணக்கு பிசகுவது ஏன்?

சும்மா படுத்திருந்தாலும் உடம்புக்குச் செலவு உண்டு. 1919-ம் ஆண்டில் ஹாரிஸ், பெனடிக்ட் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள், 136 ஆண்கள், 103 பெண்கள் ஆகியோரின் மூச்சை அளந்து அதற்கு ஒரு கணக்குப் போட்டனர்.

40 வயது, 60 கிலோ எடை, 165 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஆணுக்கு, அக்கணக்கின்படி நாள் ஒன்றுக்குச் சுமார் 1,450 கலோரி தேவை. அவர் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர் என்றால், டாக்டர் அதை 1.2 ஆல் பெருக்குவார். 1,740 வரும்.

ஆனால் தராசுக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியுமா? மூட்டை தூக்கி உரமேறியவரும் 60 கிலோ. தொந்தி விழுந்தவரும் 60 கிலோ! கணக்கு இருவரையும் ஒன்றாகவே பார்க்கிறது. தசை மிகுந்தவருக்கோ, படுத்திருக்கும்போதே செலவு அதிகம்.

அதனால் டாக்டர் சில வாரம் கழித்து மறுபடி எடை பார்ப்பார். சொன்னபடி சாப்பிட்டும் எடை இறங்கியிருந்தால், சாப்பாட்டைக் கூட்டுவார்.