விசிறி மறைந்தது, சீலிங் எங்கிருந்து வந்தது?

வரவேற்பறையில் எடுத்த குடும்பப் படம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவும் பாட்டியும் நடுவில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே மின்விசிறி தொங்குகிறது. அதைக் கணினியில் நீக்க வேண்டும். ஆனால், விசிறிக்குப் பின்னால் இருந்த சீலிங்கைக் கேமரா பார்க்கவே இல்லை. அழிப்பது எளிது; பார்க்காத சீலிங்கை மீண்டும் உருவாக்குவதில்தான் அறிவியல் இருக்கிறது.

“வெள்ளைச் சீலிங்தானே சார், பக்கத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டினால் போதாதா?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஒட்டிப் பார்த்தால், அங்கே ஒரு திட்டு பளிச்சென்று தெரியும். நம் கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தோன்றும் சீலிங், படத்தில் ஒரே வெள்ளையாக இருப்பதில்லை. சன்னலுக்கு அருகே வெளிச்சம் அதிகம். தள்ளிப் போகப் போகக் குறையும். இந்த மெதுவான மாற்றத்தின் மேல், சாயத்தின் சொரசொரப்பும் கேமராவின் நுண்புள்ளிகளும் தூவியதுபோல் கிடக்கின்றன. ஆக, சீலிங் என்பது இரண்டு அடுக்கு: வெளிச்சம் ஒன்று, சொரசொரப்பு மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாக நிரப்ப வேண்டும்.

எண்களால் பார்ப்போம். படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 255 என ஒரு மதிப்பு உண்டு. விசிறி இறக்கையின் இடப்பக்கச் சீலிங் 200, வலப்பக்கச் சீலிங் 180 என்று வைத்துக்கொள்வோம். நடுவே நான்கு பிக்சல்கள் காலி. (உண்மையில் நூற்றுக்கணக்கில் இருக்கும், கணக்கு ஒன்றுதான்.)

முதலில் வெளிச்சம். ஒவ்வொரு காலிப் பிக்சலும் தன் இரு பக்கத்து மதிப்புகளின் சராசரியாக இருக்க வேண்டும் என்று விதித்தால், விடை 196, 192, 188, 184. முழுப் படத்தில் மேல், கீழ், இடம், வலம் என நான்கு பக்கத்துச் சராசரியை எடுப்பார்கள். ஓர் உலோகத் தகட்டின் ஓரங்களை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்தால், நடுவில் வெப்பம் எப்படிப் பரவி நிலைபெறுமோ அதே கணக்கு இது. இதற்கு லாப்லாஸ் சமன்பாடு என்று பெயர்.

இத்தோடு நிறுத்தினால் அந்த இடம் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாகிவிடும். எனவே சொரசொரப்பைச் சேர்க்க வேண்டும். சன்னலோரச் சீலிங்கில் நான்கு பிக்சல்கள் 231, 228, 232, 229 எனக் கிடைக்கின்றன. சராசரி 230. அந்தச் சராசரியைக் கழித்தால் மிஞ்சுவது +1, −2, +2, −1. இந்த மிச்சத்தை மட்டும் நம் விடையோடு கூட்டுங்கள்: 197, 190, 190, 183. சன்னலோரத்தின் பளபளப்பு வரவில்லை. அதன் சொரசொரப்பு மட்டும் வந்துவிட்டது. மாறாக, 200-க்குப் பக்கத்தில் 231-ஐ அப்படியே ஒட்டியிருந்தால் திட்டுதான்.

கிம்ப் என்னும் இலவச மென்பொருளில் Clone கருவி அப்படியே நகலெடுக்கும்; Heal கருவி சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றி ஒட்டும். Ctrl விசையை அழுத்திக்கொண்டு நல்ல சீலிங் மீது சொடுக்கினால் அதுவே மாதிரி. பிறகு விசிறியின் மேல் தீட்டலாம். மாதிரியை எடுக்கும் இடம், கேமராவிலிருந்து ஏறக்குறைய விசிறி இருக்கும் தூரத்திலேயே இருக்கட்டும். அருகிலுள்ள சீலிங்கின் சொரசொரப்பு படத்தில் பெரிதாகவும், தொலைவிலுள்ளது சிறிதாகவும் பதிவாகியிருக்கும். ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்தாலும் மாட்டிக்கொள்வோம். ஒரே கறை இரண்டு இடத்தில் இருப்பதைக் கண் சட்டென்று பிடித்துவிடும்.

அடிக்கடி கெடுவது ஓரத்தில்தான். இறக்கையின் நிழல் கொஞ்சம் மிஞ்சி, இடப்பக்க ஓரம் 200-க்குப் பதில் 150 ஆக இருந்தால், நிரப்பிய மதிப்புகள் 156, 162, 168, 174 என்றாகும். புகை படிந்ததுபோல் ஒரு மங்கல் பரவும். எனவே விசிறியை ஒட்டி வெட்டாமல், அதன் நிழலையும் சேர்த்துச் சற்று அகலமாகவே நீக்குங்கள். சரிபார்க்கப் படத்தைச் சிறிதாக்கி, ஒளி வேறுபாட்டைத் தற்காலிகமாகக் கூட்டிப் பாருங்கள். மறைந்திருக்கும் திட்டுகள் வெளியே வந்துவிடும்.

தொங்கும் ஒயர் இவற்றில் மிக எளிது. இடைவெளி சில பிக்சல்களே என்பதால், இருபுறத்து வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எரியும் டியூப் லைட் அப்படியன்று. அதைச் சுற்றிய சீலிங் 255-ஐத் தொட்டுவிட்டால் அங்கே சொரசொரப்பே பதிவாகியிருக்காது. குழலை நீக்கினாலும் ஒளிவட்டம் மட்டும் காரணமில்லாமல் நிற்கும். விளக்கை அணைத்து இன்னொரு படம் எடுப்பதே மேல்.

விசிறி இறக்கை தாத்தாவின் தலைமுடியை மறைத்திருந்தால், மேற்சொன்ன எதுவும் உதவாது. சராசரிக் கணக்கால் வெளிச்சத்தை ஊகிக்க முடியும், முடியின் கோட்டை ஊகிக்க முடியாது. அந்தப் படத்துக்குக் கேமராவை ஓரடி இடப்பக்கம் நகர்த்தியிருக்க வேண்டும்.