கெடு முடிய மூன்று மணி நேரம்

முதல் வரைவைச் சமையலறையில் நின்று உரக்கப் படித்துப் பார்த்தேன். ஒன்பது நிமிடம் ஓடியது. கேட்டுக்கொண்டிருந்த மணமகளின் அக்கா, “மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் கிளாஸைப் பிடித்திருப்பவர்களுக்குக் கை வலிக்கும்” என்றாள்.

அமெரிக்கக் கல்யாண விருந்தில் ‘டோஸ்ட்’ சொல்ல என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மணமகள் பிட்ஸ்பர்க் நகரில் என்னோடு ஒரே வீட்டில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தவள். விருந்து நடுவில் மைக்கைப் பிடித்து, மணமக்களைப் பற்றி நாலு வார்த்தை பேசி, கடைசியில் அவர்கள் பெயரைச் சொல்லிக் கிளாஸை உயர்த்த வேண்டும். எல்லாரும் எழுந்து ஒரு வாய் குடிப்பார்கள். மணமக்கள் மட்டும் உட்கார்ந்தே இருப்பார்கள். தங்களுக்கான வாழ்த்தைத் தாங்களே குடிப்பது அங்கே மரியாதை இல்லை. நாம் காலையில் தின்னும் ரொட்டிக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டு. பழைய இங்கிலாந்தில் சுட்ட ரொட்டித் துண்டை மதுவில் மிதக்கவிட்டுக் குடிப்பார்களாம். ரொட்டி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

நம் ஊர் சுயமரியாதைத் திருமணங்களிலும் வாழ்த்துரை உண்டு. ஆனால் அங்கே பேசுகிறவர் மணமக்களை விட்டு நாட்டு நடப்புக்குப் போய்விடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். டோஸ்டில் அந்தச் சலுகை கிடையாது. இவர்கள் இரண்டு பேரும் எப்படிச் சந்தித்தார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு காலத்தில் அது சுலபமாகவும் இருந்தது. பல கல்யாணங்களில் அறிமுகம் செய்துவைத்ததே அந்தத் தோழன்தான். “நான்தான் அன்றைக்கு இவனை அந்த விருந்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்” என்று ஆரம்பித்தால் பாதிப் பேச்சு முடிந்த மாதிரி.

அந்தத் தரகு வேலை இப்போது கைமாறிவிட்டது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் இன்னும் இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கணக்காகவே பார்க்கலாம். 1995-இல் சந்தித்த ஆண்-பெண் ஜோடிகளில் மூன்றில் ஒரு பங்கு நண்பர்கள் வழியாகச் சந்தித்தவர்கள். 2017-இல் அது ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. இணையம் வழியாகச் சந்தித்தவர்களோ நூற்றுக்கு 39 பேர். அப்படியானால் மைக்கைப் பிடித்து நிற்கும் தோழி எதைச் சொல்வது? சந்திப்பு நடந்த இடம் என்று காட்ட ஒரு மரத்தடிகூட இல்லை.

என் முதல் வரைவு அந்தப் பள்ளத்தில்தான் விழுந்தது. முதல் பக்கம் முழுக்கச் செயலியின் செய்முறை விளக்கம். அடுத்த பக்கம், அவள் இடப்பக்கம் தள்ளி நிராகரித்த ஆண்களின் படங்களைப் பற்றிய கிண்டல். பெரிய மீனைத் தூக்கிப் பிடித்தவர்கள் மட்டும் எத்தனை பேர்! எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. படித்துக் காட்டியபோது அக்கா சிரிக்கவில்லை. “இதில் மாப்பிள்ளை எங்கே? வேண்டாம் என்று ஒதுக்கியவர்களைப் பற்றித்தானே பேசுகிறாய்?” என்று கேட்டாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். இந்த மாதிரிப் பேச்சுகள் பெரும்பாலும் சறுக்கும் இடம் அதுதான். செயலி வேடிக்கையானது என்பதால் செயலியைப் பற்றியே பேசிவிடுகிறோம்.

மிஞ்சியது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதில் மட்டும் நான் நேரில் இருந்தேன்.

அவர்கள் பயன்படுத்தியது பம்பிள். 2014-இல் வந்த செயலி. இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்திருக்கிறது என்று குறித்துவிட்டால் ஜோடி சேரும். ஆனால் முதல் வார்த்தையைப் பெண்தான் எழுத வேண்டும், அதுவும் 24 மணி நேரத்துக்குள். எழுதாவிட்டால் அந்த ஜோடி மறைந்துவிடும். 2024-இல் இந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள். பெண் ஒரு கேள்வியை முன்கூட்டியே போட்டுவைத்தால் ஆண் அதற்குப் பதில் எழுதித் தொடங்கலாம். இது நடந்தது 2018 குளிர்காலத்தில், பழைய விதி இருந்தபோது.

அன்று மாலை ஆறு மணி. அவள் சோபாவில் படுத்திருந்தாள், போன் என் பக்கம் கிடந்தது. ஒரு படத்தைச் சுற்றியிருந்த வட்டம் தேய்பிறை மாதிரி ஆகியிருந்தது. கெடு முடிய இன்னும் மூன்று மணி நேரம். “இவனுக்கு எழுதப் போகிறாயா இல்லையா?” என்றேன். “என்ன எழுதுவது?” என்றாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். முழங்கால் அளவு பனிக்கு நடுவில், தெருவோரம் ஒரு பழைய சமையலறை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

பிட்ஸ்பர்க்கில் இந்த நாற்காலிக்கு ஒரு அர்த்தம் உண்டு. பனி கொட்டினால், வீட்டு முன் கார் நிறுத்தும் இடத்தை அவரவர்தான் மண்வெட்டியால் சுத்தம் செய்வார்கள். முதுகு ஒடியும். அப்புறம் காரை எடுத்துக்கொண்டு போனால், திரும்பி வரும்வரை அந்த இடத்தில் ஒரு நாற்காலி நிற்கும். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதேதான். சட்டத்தில் இடமில்லை. ஆனாலும் அந்த நாற்காலியை நகர்த்த ஊரில் யாருக்கும் துணிச்சல் வராது.

அவள் எழுதினாள்: “அது உன் நாற்காலியா, திருடியதா?” பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது.

இதைப் புது வரைவாக எழுதி, மாப்பிள்ளைக்கு அனுப்பிச் சம்மதம் கேட்டேன். இருவருக்குள் நடந்த பேச்சை ஊர் நடுவில் படிக்கப் போகிறோம், இரண்டு பேரிடமும் கேட்கத்தான் வேண்டும். கேட்டதில் வேறொரு லாபமும் இருந்தது. “அவள் இருபத்தோராவது மணி நேரத்தில் எழுதினாள்” என்று நான் போட்டிருந்ததைத் திருத்தி அனுப்பினான். “நாற்பத்தைந்தாவது மணி நேரம்.”

விஷயம் இதுதான். அந்தச் செயலியில் காத்திருக்கும் ஆண், ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஜோடிக்குக் காசில்லாமல் இன்னும் 24 மணி நேரம் கெடுவை நீட்டித்துக்கொள்ள அப்போது முடிந்தது. வெள்ளிக்கிழமை இரவே அவர்கள் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். சனிக்கிழமை கெடு முடியும் நேரத்தில், தன்னிடமிருந்த அந்த ஒற்றை நீட்டிப்பை அவன் இவளுக்காகச் செலவழித்திருக்கிறான். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. நான் தட்டி எழுப்பியது இரண்டாம் கெடுவுக்கு.

மூன்று வருடமாக “நான்தான் சேர்த்துவைத்தேன்” என்று சொல்லித் திரிந்தவள் நான். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் டோஸ்ட் அங்கேதான் கிடைத்தது.

2021 இலையுதிர்காலத்தில், ஊருக்கு வெளியே, கல்யாணக் கூடமாக மாற்றிய பழைய களஞ்சியம் ஒன்றில் பேசினேன். முன் வரிசையில் பாட்டி உட்கார்ந்திருந்தார். தேவாலய நடன விழாவில் தாத்தாவைச் சந்தித்தவர். அவருக்காகச் செயலியை ஒரே வாக்கியத்தில் சொன்னேன்: “பாட்டி, இந்த நடனத்தில் பெண்தான் முதலில் கூப்பிட வேண்டும், ஒரு நாளுக்குள் கூப்பிடாவிட்டால் பாட்டு நின்றுவிடும்.” பாட்டி தலையாட்டினார். பிறகு நாற்காலிப் படம், மூன்று மணி நேரம், அவளுடைய கேள்வி. கடைசியில் நாற்பத்தைந்து மணி நேரக் கணக்கு. அவள் அதுவரை அறியாத செய்தி அது. மாப்பிள்ளையின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவள் வந்து சேரும்வரை இடம் போய்விடக் கூடாது என்று அவன் ஒரு நாற்காலி போட்டுவைத்தான்” என்றேன். இரண்டு பேர் பெயரையும் சொல்லிக் கிளாஸை உயர்த்தினேன். மூன்று நிமிடம் இருபது விநாடி.

எல்லாரும் குடித்து உட்கார்ந்த பிறகும் மாப்பிள்ளையின் அப்பா மட்டும் நின்றுகொண்டிருந்தார். மைக் இல்லாமலேயே அவர் குரல் கேட்டது.

“அந்த நாற்காலி என்னுடையது. மூன்று வருடமாகத் தேடுகிறேன்.”